"30 நாளில் சரளம், 100% வேலை": ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தபோது

கோயம்புத்தூரில் பெரியவர்களுக்கு ஆன்லைனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தரும் ஒரு சிறு நிறுவனம், 2025 தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டது. பெயர் வேண்டாம். விளம்பர வாசகம் எழுதுவது என் தொழில். "லேண்டிங் பேஜ் பழசாயிடுச்சுங்க, புதுசா எழுதித் தாங்க" என்றுதான் கேட்டார்கள். விளம்பரத்தைத் தொட்டதும் போனில் திறக்கிற அந்த ஒற்றைப் பக்கம்தான் அவர்களுடைய கடைவாசல். அதில் பணம் கட்டினால்தான் சேர்க்கை.

பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்கு முன், பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்த வாட்ஸப் செய்திகளைக் காட்டச் சொன்னேன். இது என் வழக்கம். நாம் என்ன எழுதினோம் என்பது ஒன்று, படித்தவர் என்ன வாங்கினார் என்பது வேறொன்று. அந்த இரண்டாவதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

கடைசி மூன்று பேட்சில் 178 பேர் சேர்ந்திருந்தார்கள். 41 பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். 17 பேர் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்: எனக்குப் பேச வாய்ப்பே வரவில்லை. 11 பேருக்கு வகுப்பு மிகக் கடினமாக இருந்தது, இல்லையென்றால் மிக எளிதாக இருந்தது. 4 பேருக்குச் சொந்தக் காரணம். மீதி 9 பேரின் செய்திகள்தான் என்னை உறுத்தின. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர் இப்படி எழுதியிருந்தார்: "மேடம், கோர்ஸ் முடிஞ்சு பத்து நாளாச்சு. எந்த கம்பெனிக்கு எப்ப போகணும்னு இன்னும் சொல்லவே இல்லீங்களே." அவர் கோபப்படவில்லை. வேலை வரும் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் பக்கத்தைத் திறந்தேன். மேலே பெரிய எழுத்தில்: "தயக்கம் போகும்! 30 நாளில் சரளமான ஆங்கிலம்! 100% வேலை உத்தரவாதம்*". கீழே அடிக்கப்பட்ட விலை 14,999, பக்கத்தில் 2,999. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். "5,000+ பேர் வேலை பெற்றுள்ளனர்". கோட் போட்ட ஒருவர் கைகட்டி நிற்கும் படம், அவர் சம்பளம் 12 ஆயிரத்திலிருந்து 35 ஆயிரமானதாக ஒரு வரி. அந்த நட்சத்திரக் குறி எதற்கு என்று தேடி, போனில் எட்டு முறை தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் வெளிர் சாம்பல் நிறத்தில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: வேலை உத்தரவாதம் என்பது நேர்முகத் தேர்வுக்கான வழிகாட்டலை மட்டும் குறிக்கும்.

ஆங்கிலம் தெரியாததால் வருகிறவரிடம், வாக்குறுதியைத் தமிழிலும் அதன் நிபந்தனையை ஆங்கிலத்திலும் சொல்லியிருக்கிறார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. வேறொரு பக்கத்திலிருந்து யாரோ நகலெடுத்துப் போட்டதுதான். ஆனாலும் திருப்பூர்க்காரர் பத்து நாள் காத்திருந்தார்.

30 நாள் என்ற கணக்கு

"30 நாளில்" என்ற சொல்லுக்கு நம் ஊரில் நீண்ட வரலாறு உண்டு. பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைகளில் 30 நாளில் இந்தி, 30 நாளில் மலையாளம் என்று அடுக்கியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் அந்த எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது ஒரு மாதம் என்பதன் செல்லப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் புத்தகத்தை 30 ரூபாய்க்கு வாங்குகிறவரின் எதிர்பார்ப்பும், சம்பளத்தில் கணிசமான பங்கைக் கட்டி இரவு எட்டு மணிக்கு உட்காருகிறவரின் எதிர்பார்ப்பும் ஒன்றாக இருக்காது.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். தினம் ஒரு மணி நேர வகுப்பு. ஞாயிறு போக 26 வகுப்பு. அதாவது 26 மணி நேரம். மொழித் திறனை அளக்க ஐரோப்பியர்கள் உருவாக்கி இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ஆறு படிகள் உண்டு: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. கடைக்குப் போய் வருவது, தன் குடும்பத்தைப் பற்றி எளிமையாகச் சொல்வது ஏ2. தெரிந்த விஷயங்களைப் பற்றித் தொடர்ந்து பேசி, காரணமும் சொல்ல முடிவது பி1. அலுவலகத்தில் பெரிய தடங்கலின்றி வாதிட முடிவது பி2. கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையின் பொதுவான மதிப்பீட்டின்படி, அடியிலிருந்து தொடங்கி ஏ2-ஐத் தொட 180 முதல் 200 மணி நேர வழிகாட்டப்பட்ட படிப்பு வேண்டும். பி1-க்கு 350 முதல் 400. பி2-க்கு 500 முதல் 600. ஆளுக்கு ஆள் இது மாறும். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவருக்கு வாசிப்பு ஒரு படியிலும் பேச்சு இன்னொரு படியிலும் இருக்கும். ஆனாலும் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக நூற்றைம்பது முதல் இருநூறு மணி நேரம் ஆகும் என்னும்போது, 26 மணி நேரத்தில் "சரளம்" என்பது எந்த வகையிலும் தேறாத கணக்கு.

நிறுவனத்தை நடத்தும் மேடம் பதினைந்து வருடம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். இந்தக் கணக்கு அவருக்குப் புதிதில்லை. "எனக்குத் தெரியாதுங்களா? 30 நாள்னு போடலேன்னா பக்கத்துல இருக்கறவன் 21 நாள்னு போடறான்" என்றார். உண்மைதான், அப்படிப் போட்டிருந்த பக்கங்களை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, 26 மணி நேரம் என்பதாவது உண்மையா என்று அடுத்ததாகப் பார்த்தேன். பதிவு செய்து வைத்திருந்த நான்கு வகுப்புகளை வாங்கிப்போய், கையில் ஸ்டாப் வாட்ச்சுடன் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் பேசுவது சுமார் 35 நிமிடம். மிச்சம் 25 நிமிடம். வகுப்பில் 60 பேர். சமமாகப் பிரித்தாலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 நொடி. 26 வகுப்பையும் கூட்டினால் மாதத்துக்கு 11 நிமிடம்கூட வராது. அதுவும் சமமாகப் பிரிந்தால்தான். நான் கேட்ட நான்கு வகுப்பிலும் அதே ஏழெட்டுக் குரல்கள்தான் திரும்பத் திரும்பக் கேட்டன. மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுப் பார்வையாளர்களாக இருந்தார்கள்.

17 பேர் எழுதிய புகாருக்கு விளக்கம் இதுதான். பக்கம் "பேசுவீர்கள்" என்றது. வகுப்பு "கேட்பீர்கள்" என்று அமைந்திருந்தது. என்னை வாசகம் எழுதக் கூப்பிட்டார்கள், ஆனால் வாசகத்தை மட்டும் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். இதனால் எனக்கு வர வேண்டிய வேலை கைநழுவிப் போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை, ஆனால் ஆறு வாரம் தள்ளிப்போனது.

வேலை என்ற சொல்

இந்திய விளம்பரத் தர மன்றமான ஏஎஸ்சிஐ, கல்வி நிறுவன விளம்பரங்களுக்கென்று தனி வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது. படிப்பில் சேர்ந்தால் வேலை, பதவி உயர்வு, சம்பள உயர்வு கிடைக்கும் என்ற எண்ணத்தை உண்டாக்கினால், அதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும். அது போதாது, கடந்த கால விவரம் எதிர்கால வேலைக்கு உத்தரவாதமில்லை என்ற அறிவிப்பையும், சொன்ன வாக்குறுதியின் எழுத்தளவுக்குக் குறையாமல் போட வேண்டும். இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எண்ணிக்கை சொன்னால், அந்த வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் படித்து முடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏஎஸ்சிஐ என்பது விளம்பரத் துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. சட்டம் என்று பார்த்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும் அடுத்தடுத்த முறை 50 லட்சம் வரையிலும் அபராதம் போடலாம். 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள் நட்சத்திரக் குறி விவகாரத்தைக் குறிப்பாகவே பேசுகின்றன: நிபந்தனை, வாக்குறுதி எழுதிய அதே மொழியில் இருக்க வேண்டும், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும், தவறான வாக்குறுதியை நிபந்தனை போட்டுச் சரிக்கட்டப் பார்க்கக் கூடாது. 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கென்றே தனியாக இன்னொன்று வந்தது. 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்கள் அதில் அடங்கும். வேலை நிச்சயம் என்பது போன்ற பேச்சும், இடம் தீரப்போகிறது என்ற பொய் அவசரமும் அதில் தடுக்கப்பட்டவை. ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று பெயர் சொல்லி எழுதவில்லை என்றாலும், கற்பித்தல், வழிகாட்டல் என்று வரையறை விரிவாக இருப்பதால் தங்களுக்கும் பொருந்தும் என்றே வைத்துக்கொள்ளச் சொன்னார் அவர்களுடைய வக்கீல்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. அதைவிட எளிய கேள்வி ஒன்று இருந்தது: அந்த 5,000 எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்தால், நான்கு வருடத்தில் இலவச அறிமுக வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் உட்பட எல்லோருடைய போன் எண்களின் எண்ணிக்கை அது. எப்போதோ "5,000+ மாணவர்கள்" என்று இருந்திருக்கிறது. டிசைன் மாற்றும்போது ஒருவர் "மாணவர்கள்" என்பதை "வேலை பெற்றவர்கள்" ஆக்கிவிட்டார்.

உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்கலாம் என்று முந்தைய வருடம் படித்து முடித்தவர்களில் 50 பேரைக் குலுக்கல் போல எடுத்துக் கூப்பிட்டோம். 31 பேர் போனை எடுத்தார்கள். ஆறு பேர் வேலை மாறியிருந்தார்கள். அதில் மூன்று பேர் ஆங்கிலம் உதவியது என்றார்கள். இந்த எண்ணைப் பக்கத்தில் போடலாமா என்று மேடம் கேட்டார். போட முடியாது என்றேன். வேலை மாறி நன்றாக இருப்பவர் போனை எடுக்கும் வாய்ப்பு அதிகம், எடுக்காத 19 பேரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதோடு, வகுப்புக்கே வராமல் இருந்திருந்தால் அந்த ஆறு பேரில் எத்தனை பேர் மாறியிருப்பார்கள் என்பதும் தெரியாது. வருடத்துக்கு ஐந்தில் ஒருவர் வேலை மாறுவது நம் ஊர் ஷோரூம், கம்பெனி வேலைகளில் பெரிய அதிசயமும் இல்லை.

கோட் போட்டவரையும் கூப்பிட்டேன். 35 ஆயிரம் உண்மை. ஆனால் அவர் மெக்கானிக்கல் படித்து நான்கு வருடம் அனுபவம் உள்ளவர், சேரும்போதே ஓரளவு நன்றாகப் பேசியவர், வேலையைச் சொல்லிவிட்டது சித்தப்பா மகன். "இன்டர்வியூல பயம் இல்லாம பேசினேன்ங்க, அதுக்கு கிளாஸ்தான் காரணம்" என்றார். அந்த ஒரு வரி சம்பளக் கதையைவிட நல்ல சாட்சி. ஆனால் பக்கத்தில் அது இல்லை, சம்பளம்தான் இருந்தது. அவருடைய ஒப்புதலும் சேர்க்கைப் படிவத்தில் வாங்கியது. 2024 நெறிகளின்படி படித்து வெற்றி பெற்ற பிறகு எழுத்தில் வாங்க வேண்டும். படத்தை எடுத்துவிட்டோம்.

கடிகார விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பக்கத்தின் உள்ளே இருந்த வரி இதுதான்:

```
var mudivu = Date.now() + 15 * 60 * 1000;
```

பக்கம் எப்போது திறந்தாலும் அப்போதிலிருந்து 15 நிமிடம். மூடிவிட்டுத் திறந்தால் மறுபடியும் 15 நிமிடம். பணம் கட்டத் தயங்கி இரண்டாவது முறை வருகிறவர்தான் இதைக் கண்டுபிடிப்பார்; அதாவது, கவனமாக யோசிக்கிறவர். அப்படிப்பட்டவரைத்தான் முதலில் இழக்கிறோம். 14,999 என்ற விலையில் ஒருநாளும் யாரும் சேர்ந்ததில்லை என்பதால் அதுவும் போனது.

எதை வாக்குக் கொடுப்பது

இத்தனையும் எடுத்துவிட்டால் பக்கத்தில் என்ன மிச்சம் என்று மேடம் கேட்டார். நியாயமான கேள்வி. "நாங்கள் நன்றாகச் சொல்லித் தருவோம்" என்று எழுதினால் யாரும் வர மாட்டார்கள்.

வருகிறவர்களுக்கு உண்மையில் எந்த இடத்தில் ஆங்கிலம் இடிக்கிறது என்று அவர்களையே கேட்டோம். பதில்கள் குறுகலாக இருந்தன, அதுதான் நல்லதாகப் போயிற்று. இன்டர்வியூவில் உன்னைப் பற்றிச் சொல் என்றால் இரண்டு வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. மில் சூப்பர்வைசருக்கு வெளிமாநில மேனேஜரிடம் மெஷின் ஏன் நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. திருப்பூரில் மெர்ச்சன்டைசர் ஆக ஆசைப்படுகிறவருக்கு ஆர்டர் கொடுக்கும் பையர் போனில் வந்தால் கை நடுங்குகிறது. மெயில் எழுதிவிடுவார், எதிரே இருப்பவர் வேகமாகப் பேசினால் புரியவில்லை, திரும்பக் கேட்கவும் கூச்சம். "சரளமாகப் பேச வேண்டும்" என்று விளம்பரத்தில் சொல்வது நாம்தான். அவர்கள் கேட்பது இந்த மூன்று நான்கு இடங்களைத் தாண்டிவிட ஒரு வழி.

அதனால் படியைப் பற்றி எந்த வாக்கும் கொடுக்க வேண்டாம், வேலையைப் பற்றியும் வேண்டாம், இந்த இடங்களைப் பற்றி மட்டும் கொடுப்போம் என்று முடிவானது. ஒரு வாக்குறுதி நிற்குமா என்று பார்க்க நான் இரண்டு விஷயம் கேட்பேன். அது நடப்பது முழுக்க நம் வகுப்புக்குள் இருக்கிறதா? நடந்ததா இல்லையா என்பதை, குறிப்பிட்ட தேதியில், நம் உதவி இல்லாமல் படித்தவரே சொல்லிவிட முடியுமா? வேலை கொடுப்பது இன்னொரு நிறுவனம், அதனால் முதல் கேள்வியிலேயே அது விழுந்துவிடுகிறது. சரளம் இரண்டாவதில் விழுகிறது. எனக்குச் சரளம் வந்துவிட்டது என்று எந்தத் தேதியில் ஒருவர் உணர்வார்? தன்னைப் பற்றி இரண்டு நிமிடம், எழுதி வைத்ததைப் பார்க்காமல் பேசுவது இரண்டையும் தாண்டுகிறது.

ஆனால் அதற்கு வகுப்பு மாற வேண்டும். ஆறு வாரம் போனது இதில்தான். பேட்சுக்கு 24 பேர். 12 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 60 வகுப்பு. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி 20 நிமிடம் இரண்டிரண்டு பேராக ஜூம் அறைகளில் பிரித்துவிடுவது. ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், 60 வகுப்புக்கு 10 மணி நேரம். பதினொரு நிமிடம் எங்கே, பத்து மணி நேரம் எங்கே. இதற்குத் துணை ஆசிரியர்கள் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கட்டணம் 4,500 ஆனது.

புதிய பக்கத்தின் தலைப்பு இப்படி வந்தது: "60 வகுப்பு முடியும்போது, இன்டர்வியூவில் உங்களைப் பற்றி இரண்டு நிமிடம், எழுதி வைத்ததைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் பேசுவீர்கள்." அதன் கீழே அதே அளவில்: "தினமும் பத்து நிமிடம் நீங்கள் பேசியாக வேண்டும். 50 வகுப்பாவது வந்தவர்களுக்கே இது பொருந்தும்." அடுத்து, யாருக்கு என்பது: ஆங்கிலத்தில் வரும் வாட்ஸப் செய்தியை மெதுவாகவாவது படித்துப் புரிந்துகொள்பவர்களுக்கு. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு இது கடினமாக இருக்கும், நன்றாகப் பேசுபவர்களுக்கு அலுப்பாக இருக்கும் என்று அப்படியே எழுதினோம். பணம் கட்டும் பொத்தானுக்கு முன்னால் ஒரு படி வைத்தோம்: ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும், ஆசிரியர் கேட்டுவிட்டுச் சேரலாமா என்று சொல்வார். அந்த 11 பேரின் புகார் இங்கேயே தீர்ந்துவிட வேண்டும் என்பது எண்ணம்.

கட்டண விவரத்துக்கு மேலே ஒரு வரி: "நாங்கள் வேலை வாங்கித் தருவதில்லை. இன்டர்வியூவுக்கு உங்களைத் தயார் செய்கிறோம்." இதற்குத்தான் பெரிய சண்டை. "மளிகைக் கடைக்காரர் யாராவது எங்க அரிசியில கல் இருக்கும்னு போர்டு வைப்பாங்களா?" என்றார் மேடம். "கல்லு இருக்குன்னு இல்லீங்க மேடம், இங்க பருப்பு விக்கறதில்லைன்னு போர்டு" என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஆதாரத்துக்குச் சம்பளக் கதைகளுக்குப் பதில் குரல் பதிவுகளை வைக்கலாம் என்று நினைத்தோம். முதல் வாரத்தில் ஒன்று, கடைசி வாரத்தில் ஒன்று. இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு முறையும் அதே கேள்வியைக் கேட்டால், பன்னிரண்டு வாரம் மனப்பாடம் செய்த பதில் வரும். கேட்பவருக்கு முன்னேற்றம் போலத் தெரியும். அதனால் கடைசியில் புதுக் கேள்வி ஒன்றையும் சேர்த்தோம். இன்னொன்று, மதிப்பெண் போடுகிறவருக்கு எது முதல் பதிவு, எது கடைசிப் பதிவு என்று தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு கடைசிக்கு ஒரு மதிப்பெண் கூடவே போடும். வெளியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியரிடம் கோப்புகளைக் கலைத்து அனுப்பினோம். கேள்வி புரிந்ததா, எத்தனை இடத்தில் தமிழுக்குத் தாவினார், நடுவில் சிக்கினால் தானே மீண்டாரா என்ற மூன்றை மட்டும் பார்க்கச் சொன்னோம். இலக்கணப் பிழையை எண்ண வேண்டாம் என்றோம், ஏனென்றால் பக்கத்தில் அதைப் பற்றி வாக்கே கொடுக்கவில்லை.

முதல் பேட்சில் முடித்த 19 பேரில் 14 பேர் இரண்டு நிமிடத்தைத் தொட்டார்கள். புதுக் கேள்வியில் ஒன்பது பேர்தான். பக்கத்தில் இரண்டு எண்ணையும், 24 பேர் சேர்ந்தார்கள் என்பதையும் போட்டோம். ஒன்பது என்ற எண்ணைப் போட வேண்டுமா என்று நானே தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தலைப்பு "பேசுவீர்கள்" என்று சொல்லி, கீழே 19-இல் 14 என்றால் அதுவும் மிகைதான். தலைப்பை "பேசப் பழகுவீர்கள்" என்று மாற்றினோம். படிக்க அவ்வளவு நன்றாக இல்லை.

விட்ட பிறகு

முதல் இரண்டு வாரம் பக்கம் தோற்றது. வந்தவர்கள் வந்த வேகத்தில் மூடிவிட்டுப் போனார்கள். காரணம் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது: பக்கத்தை மாற்றினோம், இன்ஸ்டாகிராமில் ஓடிய ரீல் விளம்பரத்தை மாற்றவில்லை. அது இன்னும் "ஒரே மாசத்துல இங்கிலீஷ், கையில வேலை" என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டுத் தொட்டவர் 12 வாரம், வேலை வாங்கித் தருவதில்லை என்று பார்த்தால் ஏமாந்த மாதிரிதான் நினைப்பார். வாக்குறுதி பக்கத்தில் தொடங்குவதில்லை, அதற்கு முந்தைய விளம்பரத்திலேயே தொடங்கிவிடுகிறது. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ரீலை மாற்றிய பிறகு வந்த ஆட்களே வேறு மாதிரி இருந்தார்கள்.

எண்களைச் சொல்கிறேன். பழைய பக்கத்துக்கு ஆயிரம் பேர் வந்தால் 31 பேர் பணம் கட்டுவார்கள், அதில் 7 பேருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். கையில் நிற்பது சுமார் 72 ஆயிரம். புதிய பக்கத்தில் ஆயிரத்துக்கு 19 பேர், அதில் ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்தோம். கையில் 81 ஆயிரம். விளம்பர ஏஜென்சி பையன் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "சார், கன்வெர்ஷன் போச்சு" என்று போன் செய்தான். அவன் அளவுகோலில் அது சரி. பணம் கட்டும் நொடியை மட்டும் அளந்தால், பெரிய வாக்குறுதிதான் எப்போதும் ஜெயிக்கும். அது திரும்பி வருவது மூன்றாவது வாரத்தில். அதனால் எந்தப் பக்கம் நல்லது என்பதைச் சேர்ந்து 31 நாள் கழித்துக் கையில் நிற்கும் பணத்தை வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

இதை வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கம், விலை, வகுப்பு, ரீல் நான்கும் ஒன்றாக மாறியதால் எது என்ன செய்தது என்று பிரிக்க முடியாது. துணை ஆசிரியர் சம்பளம் போனால் லாபம் முன்பைவிடக் குறைவுதான்.

நான்காவது மாதம், வேறொரு வேலையாகப் போனபோது, மறுபடியும் ஒரு திருப்பிக் கேட்கும் செய்தியைக் காட்டினார்கள்: "வேலை கன்ஃபார்ம்னு சொன்னாங்களே." பக்கத்தில் எங்கும் அந்தச் சொல் இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பியவர்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சேர்க்கும் டெலிகாலர் பெண்ணிடம் விசாரித்தால், தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அவங்க, வேலை கிடைச்சுடுமாங்கனு கேப்பாங்க சார். இல்லைன்னா போனை வெச்சுருவாங்க. கண்டிப்பா கெடைக்கும்ங்கன்னு சொல்லிருவேன்." ஒருவர் சேர்ந்தால் அவளுக்கு 150 ரூபாய். அது பணம் கட்டிய அன்றே கையில் வரும்.

அவளைத் திட்ட ஒன்றுமில்லை. 150-ஐ 250 ஆக்கி, சேர்ந்தவர் 31-ஆவது நாளும் வகுப்பில் இருந்தால் கொடுப்பது என்று மாற்றச் சொன்னேன். வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு ஒரு பதிலையும் அவளோடு உட்கார்ந்து எழுதினோம். நான் எழுதியது புத்தகத் தமிழாக இருந்தது, அவள் அடித்துவிட்டு மாற்றினாள்: "வேலை நாங்க தர்றதில்லைங்க. ஆனா இன்டர்வியூல வாயைத் திறக்க வெச்சுருவோம்."